0.15 வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சுங்கை சிப்புட்டில் எஸ்.டி.பி.எம். படிக்கும் அக்கா மகள், வேதியியல் தாள் ஒன்றைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பினாள். 25 மி.லி. 0.100 M அசெட்டிக் அமிலத்துக்கு எதிராக 0.100 M NaOH. சமான நிலையில் pH என்ன? விடைத்தாளில் 8.72. எனக்கு வந்ததோ 8.87. மூன்று நாள் போனது.

தாளின் மடிப்பு Ka எண்ணின் மேலேயே விழுந்திருந்தது. 1.8 × 10⁻⁵ என்பது 1.3 ஆக இருக்குமோ என்று மாற்றிப் பார்த்தேன். 8.94 வந்து இன்னும் தள்ளிப் போனது. அப்புறம் வரைபடத்தில் பாதி வழியைப் பார்த்தேன். 12.5 மி.லி.யில் pH 4.74. அங்கே pH-உம் pKa-வும் ஒன்றுதான், ஆக 1.8 சரி.

மிஞ்சியது அந்த 0.15. அது log 2-இல் சரிபாதி! அதாவது எங்கோ ஒரு செறிவை இரண்டு மடங்காக எடுத்திருக்கிறேன். ஆமாம், 25 மி.லி. காரம் சேர்ந்ததும் குடுவையில் 50 மி.லி. இருக்கும். அசெட்டேட் 2.5 மில்லிமோல்தான், அதனால் செறிவு 0.0500 M.

```
Kb = 5.56e-10
[OH-] = √(Kb × 0.0500) = 5.27e-6
pH = 8.72
```

30 மி.லி.யிலும் அதே கவனம் வேண்டும். மிஞ்சிய 0.5 மில்லிமோல் காரத்தை 55 மி.லி.யால் வகுத்தால் pH 11.96. விடைத்தாளிலும் அதுவே இருந்தது.