கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமா? ஊருக்குப் பணம் அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் முதலில் கேட்பது, "கட்டணம் எவ்வளவு?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுவதுதான் இதில் பெரிய தவறு. அனுப்பும் நிறுவனம் இரண்டு இடங்களில் சம்பாதிக்கிறது. ஒன்று, ரசீதில் தெரியும் கட்டணம். மற்றொன்று, அது தரும் மாற்று விகிதத்துக்கும் சந்தையின் நடு விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. நடு விகிதம் என்பது வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. இணையத்தில் தேடினால் பொதுவாக அதுதான் வரும். உலக வங்கி பணம் அனுப்பும் செலவைக் கணக்கிடும்போது இந்த இரண்டையும் கூட்டித்தான் சொல்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் இருப்பது வேலை செய்யும் நாட்டுப் பணத்தில் 1,000. நடு விகிதம் 80 என்று வைத்துக்கொள்வோம். எந்தச் செலவும் இல்லாவிட்டால் ஊரில் 80,000 சேர வேண்டும்.

முதல் நிறுவனம் கட்டணமே இல்லை என்கிறது, ஆனால் 77.60 விகிதம் தருகிறது. வீட்டுக்குப் போவது 77,600. இரண்டாவது நிறுவனம் 1 சதவீதக் கட்டணம் பிடிக்கிறது, விகிதம் 79.60. 1,000-இல் 10 போக, மீதி 990-ஐ மாற்றினால் 78,804. கட்டணம் கேட்ட நிறுவனத்தின் வழியாக வீட்டுக்கு 1,204 அதிகமாகப் போகிறது. இலவசம் என்ற முதல் நிறுவனம் விகிதத்தில் எடுத்துக்கொண்டது 3 சதவீதம். அது ரசீதில் தனி வரியாக வராததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, அப்படியானால் எப்போதும் இரண்டாவது நிறுவனம்தானா? இல்லை. சதவீதக் கட்டணத்துக்குப் பல இடங்களில் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. அது 8 என்று வைத்துக்கொண்டு, 200 மட்டும் அனுப்பிப் பாருங்கள். 1 சதவீதம் 2-தான் என்றாலும் 8 பிடிப்பார்கள். மீதி 192 மாறி 15,283 போகும். முதல் நிறுவனத்தில் அதே 200-க்கு 15,520 கிடைக்கும். வரிசை தலைகீழாகிவிட்டது! இந்த இரண்டுக்கும் இடையே, தொகை ஏறக்குறைய 320-ஐத் தாண்டினால்தான் இரண்டாவது லாபம். ஒருமுறை ஒப்பிட்டு, "நமக்கு இதுதான் மலிவு" என்று முடிவுகட்டி எல்லாத் தொகைக்கும் அதையே பிடித்துக்கொள்வதும், 1,000-ஐ ஐந்து முறையாகப் பிரித்து அனுப்புவதும் இதனால்தான் நஷ்டம். இரண்டாவது நிறுவனத்தில் அப்படிப் பிரித்தால் ஊரில் சேருவது 76,416 மட்டுமே. மொத்தமாக அனுப்பியிருந்தால் 78,804. விகித இடைவெளிக்குக் குறைந்தபட்சம் கிடையாது; உச்சவரம்பும் பெரும்பாலும் கிடையாது. தொகை ஏற ஏற அதுவும் கூடவே ஏறும்.

ஒப்பிடும் முறையிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. சில இடங்களில் கட்டணத்தைத் தொகைக்குள்ளிருந்து கழிப்பார்கள், சில இடங்களில் மேலே கூட்டுவார்கள். மேலே கூட்டினால் வீட்டுக்கு 79,600 போவதாகக் காட்டும். ஆனால் நம் கையிலிருந்து போனது 1,010. இதற்கு வழி ஒன்றுதான்: ஊரில் சேரும் தொகையை, கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். 79,600-ஐ 1,010-ஆல் வகுத்தால் 78.81. அதுதான் உண்மையான விகிதம். விளம்பரத்தில் உள்ள விகிதத்தை விட்டுவிட்டு, எல்லா நிறுவனங்களையும் இந்த எண்ணால் ஒப்பிடுங்கள். நீங்கள் அனுப்பப்போகும் அதே தொகையைப் போட்டு, ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் பார்த்தால், சந்தை நகர்ந்ததா, நிறுவனம் எடுத்ததா என்று பிரித்தறிய முடியாது. முதல்முறை அனுப்புகிறவருக்கு மட்டும் நல்ல விகிதம் தரும் சலுகைகளும் உண்டு. அதனால் இரண்டாவது முறை அனுப்பும் முன் மறுபடியும் வகுத்துப் பாருங்கள்.

சந்தை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று நாள் கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். சந்தை எந்தப் பக்கம் போகும் என்பது யாருக்கும் தெரியாது. 3 சதவீத இடைவெளியோ, அனுப்பும் ஒவ்வொரு முறையும் நிச்சயமாகப் போகிறது. அந்தக் கவலையை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டினால் பலன் உடனே தெரியும்.

வங்கி வழியாக அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வுகள் இருக்கும். SHA என்றால் நம் வங்கியின் கட்டணம் நமக்கு. வழியில் உள்ள வங்கிகளும் பெறும் வங்கியும் எடுப்பது சேரும் தொகையிலிருந்து கழியும். BEN என்றால் எல்லாமே அதிலிருந்துதான் கழியும். OUR என்றால் எல்லாவற்றையும் நாமே கட்டுகிறோம். ரசீதில் சொன்னதைவிடக் குறைவாக வீட்டுக் கணக்கில் ஏறியிருந்தால் முதலில் இந்தத் தேர்வைப் பாருங்கள். அப்புறம், வீட்டில் இருப்பவரிடம் கணக்கில் ஏறிய தொகையைச் சில்லறை வரை சரியாகக் கேட்டு வாங்கி, அதை வைத்து வகுத்துப் பாருங்கள்.