கெட்டிமேளத்தில் பொருந்தி, ஆசீர்வாதத்தில் விலகிய வீடியோ

குடியாத்தம் கல்யாணம். நொடிக்கு 25 ஃபிரேமில் இரண்டு கேமரா, மணமேடைக்குப் பின்னால் ஒரு செல்போன். எடிட்டிங்கில், கெட்டிமேளத்தின் முதல் தவில் அடியில் மூன்றின் ஒலி அலையையும் சேர்த்து வைத்தேன். தாலி கட்டும்போது சரியாகப் பொருந்தியது. ஆசீர்வாதம் வருவதற்குள் செல்போன் படத்தில் நாதஸ்வரக்காரரின் விரல்கள் ஒலியை விட்டு விலகிவிட்டன.

பல செல்போன்கள் பதிவின் நடுவிலேயே ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளோ சில நேரம் அதை ஒரே வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் முதலில் செல்போன் பதிவை ffmpeg என்ற மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றினேன்:

```
ffmpeg -i phone.mp4 -vf fps=25 -crf 18 -c:a copy phone25.mp4
```

அப்புறம் அதே தவில் அடியில் வைத்தேன், கடைசிவரை விலகவில்லை. முடிச்சுப் போடும் நேரம் உறவினர்கள் முன்கேமராவை மறைத்திருந்தார்கள். அங்கே செல்போன் படம், உடனே பெண்ணின் அம்மா முகம். ஒலியை மட்டும் ஒரே கேமராவிலிருந்து எடுத்தேன், மேளம் எங்கேயும் அறுபடவில்லை.