3000 மீட்டருக்கு ஸ்டாமினா: தொடர் ஓட்டமா, ஃபார்ட்லெக்கா?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜூனில் பள்ளி திறந்ததுமே உபஜில்லா மீட் பேச்சு தொடங்கிவிடும். பாலக்காட்டு மண்ணில் தூர ஓட்டத்துக்கு மவுசு அதிகம். முண்டூரிலிருந்து போன பி.யு. சித்ரா 2017-லும் 2019-லும் ஆசிய 1500 மீட்டர் தங்கம் வாங்கினார் அல்லவா, அதனால் எல்லாருக்கும் கடைசி ரவுண்டில் பறக்க ஆசை. அந்த ரவுண்டு வரை தாங்குவதற்கு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். "தினமும் நிதானமா ஓடு" என்று ஒரு பி.டி. சார் சொல்கிறார், "ஃபார்ட்லெக் போடு" என்கிறார் இன்னொருவர். இரண்டில் எதை எப்போது எவ்வளவு செய்வது என்று, முதன்முறையாக 3000 மீட்டருக்குத் தயாராகும் 14, 15 வயதுப் பிள்ளையை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடர் ஓட்டம் என்றால் நிற்காமல், நடக்காமல், ஒரே சீரான வேகத்தில் 20 அல்லது 30 நிமிடம் ஓடுவது. ஃபார்ட்லெக்கிலும் ஓட்டம் நிற்காது. ஆனால் நடுநடுவே வேகம் கூடும், பிறகு மெதுவோட்டமாகக் குறையும். இன்டர்வல் பயிற்சியில் நின்றோ நடந்தோ ஓய்வெடுக்கலாம், இதில் ஓய்வும் ஓட்டம்தான். 1930-களில் சுவீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் இதை வகுத்தார். இந்த முறையில் பழகிய அந்நாட்டின் குண்டர் ஹேக்கும் ஆர்னே ஆண்டர்சனும் 1942 முதல் 1945 வரை மைல் ஓட்ட உலக சாதனையை மாறிமாறிப் பறித்துக்கொண்டார்கள். தொடர் ஓட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். லிடியார்டும் தொடர் ஓட்டத்தில் அடித்தளம் போட்ட பிறகு ஃபார்ட்லெக் கொடுத்தவர்தான். ஆகவே இவை இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள் இல்லை, வரிசைதான் முக்கியம். (அவருடைய வாரம் 160 கிலோமீட்டர் கணக்கு வளர்ந்தவர்களுக்கானது. பள்ளிப் பிள்ளைக்கு அதைக் காட்டவே வேண்டாம்.)

முதல் படி: ஒரு சோதனை ஓட்டம்

200 மீட்டர் டிராக்கில் 15 ரவுண்டு ஓடவிட்டு, மொத்த நேரத்தோடு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தையும் குறியுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 13 நிமிடத்தில் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கிலோமீட்டர் 3:55, இரண்டாவது 4:25, மூன்றாவது 4:40. மொத்த நேரத்தைவிட இந்த மூன்று எண்கள்தான் நமக்கு வேண்டியவை. அவளிடம் வேகம் இருக்கிறது, அது தாங்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு மேலும் வேகம் ஊட்டுவதில் பயன் குறைவு.

இரண்டாம் படி: நான்கு வாரம் தொடர் ஓட்டம் மட்டும்

இவளுக்குச் சரியான வேகம் கிலோமீட்டருக்கு 5:45 முதல் 6:15 வரை. அதாவது போட்டி வேகத்தைவிடச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் மெதுவாக. பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். "இது என்ன சார், நடக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். இருக்கட்டும். இந்த வேகத்தில்தான் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு மெல்லக் கூடுகிறது. கால் தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்ஸிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் தசையின் திறனும் வளர்கிறது. 3000 மீட்டருக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு இந்த வழியில்தான் கிடைக்கிறது.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. மூச்சு சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரத்திலேயே வேகத் துண்டுகளைக் கொடுத்தால் மூச்சு ஒத்துழைக்கும், கணுக்காலும் முன்கால் எலும்பும் அடி வாங்கும். வளரும் வயது என்பதால் இது இன்னும் கூடுதல். முன்கால் எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். தசை முழுவதும் பரவலாக வலித்தால் அது பயிற்சி வலி, இரண்டு நாளில் போய்விடும்.

வாரத்தில் மூன்று நாள் போதும். முதல் வாரம் ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், இரண்டாவது வாரம் 18, மூன்றாவது வாரம் 22, நான்காவது வாரம் 25. வேகம் சரியா என்று பார்க்க ஓடும்போதே எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள். வரிக்கு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னால் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் ஓட்டம் பந்தயமாகிவிட்டது என்று அர்த்தம். தொடர் ஓட்டம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பத்துப் பேர் சேர்ந்து ஓடினால் ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன் முந்துவான், மற்றவர்கள் துரத்துவார்கள். அதன் பிறகு அது ஃபார்ட்லெக்கும் இல்லை, தொடர் ஓட்டமும் இல்லை. இரண்டின் களைப்பும் வரும், இரண்டின் பலனும் வராது. அதனால் குழுவில் மிக மெதுவாக ஓடும் பிள்ளையை முன்னால் விட்டு, அவளைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிடுவேன்.

நம் ஊரில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். மூலத்தறை கால்வாய்க்கரையில் தமிழ்நாட்டுப் பக்கமாக ஓடினால் ஓட்டம் தானாக வரும், திரும்பும்போது அதே கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடப் பிடிக்கலாம். வாட்ச்சைப் பார்த்து ஈடுகட்ட நினைத்தால் திரும்பும் பாதி பந்தயமாகிவிடும். அதனால் முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக வையுங்கள், வேகத்தை வாய்ப்பாடே முடிவு செய்யட்டும்.

நான்காவது வாரக் கடைசியில் அதே சோதனை ஓட்டத்தை மறுபடி வையுங்கள். நம் மாணவி 4:12, 4:20, 4:14 என்று 12:46-ல் முடித்தால் அடித்தளம் விழுந்துவிட்டது. முதல் கிலோமீட்டர் மெதுவாகியிருக்கிறது, மொத்த நேரம் குறைந்திருக்கிறது. மூன்றாவது கிலோமீட்டர் இன்னும் சரிந்தால் மேலும் இரண்டு வாரம் தொடர் ஓட்டத்திலேயே இருங்கள்.

மூன்றாம் படி: வாரத்தில் ஒரே ஒரு ஃபார்ட்லெக்

தொடர் ஓட்டம் மட்டும் ஓடியவர்களுக்குப் போட்டியில் ஒரு கஷ்டம் வரும். ஒன்பதாவது ரவுண்டில் முன்னணிக் குழு திடீரென்று வேகத்தைக் கூட்டும். நம் பிள்ளைக்கு மூச்சு இருக்கும், அந்த மாற்றத்துக்கு உடம்பு பழகியிருக்காது. வேகம் கூடும்போது தசையில் லாக்டேட் சேரும், கூடவே அமிலத்தன்மையும் ஏறும். ஓட்டத்தை நிறுத்தாமல் அதைச் சமாளித்து மறுபடி சீராவதற்கு ஃபார்ட்லெக் பழக்குகிறது. ஓய்வு மெதுவோட்டமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனால்தான். நின்றுவிட்டால் இரத்த ஓட்டம் குறையும், லாக்டேட் மெதுவாகவே வெளியேறும். ஓடிக்கொண்டே இருந்தால் வேலை செய்யும் தசைகளே அதை எரிபொருளாக எரித்துவிடும்.

மொத்தம் 25 நிமிடம் என்பதை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். முதலில் 8 நிமிடம் மெதுவோட்டம், நடுவில் 12 நிமிடம் வேகமாற்றம், கடைசியில் 5 நிமிடம் மெதுவோட்டம். ஐந்தாவது வாரம் 30 விநாடி வேகம், 90 விநாடி மெதுவோட்டம், ஆறு முறை. ஆறாவது வாரம் 45 விநாடிக்கு 75. ஏழாவது வாரம் ஒரு நிமிடத்துக்கு ஒரு நிமிடம். வேகத் துண்டு 100 மீட்டர் ஓட்டம் மாதிரி பாய்ச்சலாக இருக்கக்கூடாது, அவளுடைய 3000 மீட்டர் போட்டி வேகம் போதும். ஒரு நிமிடத் துண்டில் சுமார் 230 மீட்டர் போக வேண்டும்.

கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை என்று ஓடுவது இந்தப் பயிற்சியின் பழைய அழகு. அதை எட்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் விசில்தான் நல்லது. காற்றை எதிர்த்து ஓடும் இரண்டு கம்பமும் காற்றோடு ஓடும் இரண்டு கம்பமும் ஒன்றாகாது, நேரம் ஒன்றுதான். விசிலில் இன்னொரு வசதியும் உண்டு. மெதுவோட்ட விசில் அடித்ததும் முன்னால் போனவர்கள் திரும்பி ஓடிக் கடைசிப் பிள்ளையோடு சேர வேண்டும். குழு சிதறாது, வேகமானவர்கள் நின்றுகொண்டு காத்திருக்கவும் மாட்டார்கள்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கால்வாய்க்கரையில் காற்று மறைவான தென்னந்தோப்பு ஓரமாக, ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் ஓடவிட்டு, விசில் அடிக்கும்போது எங்கே நிற்கிறாள் என்று கல் வையுங்கள். இரண்டு கல்லும் பக்கத்தில் இருந்தால் நல்லது. கடைசிக் கல் 20 மீட்டர் பின்னால் விழுந்தால் முதல் துண்டுகள் பாய்ச்சலாக இருந்திருக்கின்றன, அல்லது ஓய்வு போதவில்லை. அடுத்த வாரம் துண்டை நீட்டாதீர்கள், அதே அளவையே திருப்பிச் செய்யுங்கள். நாடியும் உதவும். அடுத்த வேகத் துண்டுக்கு முன் 15 விநாடியில் 35 துடிப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். 40-க்கு மேலேயே நின்றால் இன்னும் அரை நிமிடம் மெதுவோட்டம் கொடுங்கள்.

வாரம் எப்படி அமையும்

ஐந்தாவது வாரத்திலிருந்து திங்கள் 25 நிமிடம் தொடர் ஓட்டம், புதன் ஃபார்ட்லெக், வெள்ளி 20 நிமிடம் தொடர் ஓட்டம். தாங்குகிற பிள்ளைக்கு ஞாயிறு காலை 30 நிமிடம் சேர்க்கலாம். ஃபார்ட்லெக் இரண்டாவது நாளுக்கு ஆசைப்படாதீர்கள். அதில் முன்னேற்றம் சீக்கிரம் கண்ணில் தெரியும் என்பதால் அந்த ஆசை எல்லாருக்கும் வரும். மீட்டுக்கு மூன்றே வாரம் இருக்கையில் ஏற்கெனவே ஓடிப் பழகிய பிள்ளை வந்து நின்றால் நானும் ஃபார்ட்லெக்கைத்தான் முதலில் கொடுப்பேன். ஆனால் அடித்தளம் இல்லாமல் அப்படி வந்த தெம்பு, பயிற்சி விட்டுப்போனால் அதே வேகத்தில் இறங்கிவிடும்.

தொடர் ஓட்டத்தின் பலன் வாட்ச்சில் சீக்கிரம் தெரியாது, நாடியில்தான் முதலில் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே காலை நேரத்தில், 2 கிலோமீட்டரைச் சரியாக 12 நிமிடத்தில் ஓடவிட்டு, நின்றதும் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். முன்பு 42 இருந்தது இப்போது 39 என்றால் அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்கிறது. வெயில் ஏறிய பிறகு எண்ணினால் துடிப்பு கூடித்தான் காட்டும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மீட் வாரத்தில் திங்களன்று 15 நிமிடம் தொடர் ஓட்டம். போட்டிக்கு மூன்று நாள் முன்பு 30 விநாடித் துண்டு நான்கு மட்டும். மறுநாள் ஓய்வு, போட்டிக்கு முந்தின நாள் பத்து நிமிட மெதுவோட்டம். போட்டி நாளில் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முதல் ஐந்து ரவுண்டை 4:10-க்குள் முடித்துவிடாதே.