சைட்ல இருக்கிறவங்களுக்கு கான்ட் சார்ட்டும் ரிஸ்க் ரெஜிஸ்டரும் புரிய வைக்கிறது எப்படி

ஒரு ஜி பிளஸ் ஒன் வீட்டோட ரூஃப் கான்கிரீட்டை எடுத்துக்குறேன், 2025 அக்டோபர் தேதிகள். எக்செல்ல தேதி போடத் தெரியும்னு நினைச்சு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

மொதல்ல, லேப்டாப்ப காட்டி விளக்காதீங்க. எம்எஸ் ப்ராஜெக்ட் ஆபீஸுக்கு சரி, மேஸ்திரிக்கும் கம்பி கட்டுறவருக்கும் செவுத்துல ஒட்டின பெரிய சார்ட் பேப்பர்தான் என் சாய்ஸ். எக்செல்ல போட்டுட்டு அதையே பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால வரைஞ்சிடுவேன். A-ல வேலை பேரு, B-ல ஆரம்பம், C-ல முடிவு, D-ல வகை, E1-லேருந்து தேதிகள். E2-லேருந்து செலக்ட் பண்ணி Conditional Formatting-ல இத போடுங்க:

```
=AND(E$1>=$B2,E$1<=$C2)
```

நம்ம வரிசை இது. சென்ட்ரிங் அக்டோபர் 6 முதல் 11. கம்பி கட்டு 10, 11, 13, 14, நடுவுல ஞாயிறு லீவு. 14ஆம் தேதியே எலக்ட்ரீசியன் பைப் போட்டுடணும். 15 செக்கிங், 16 கான்கிரீட்.

இப்ப நான் தடுக்கி விழுந்த இடத்துக்கு வர்றேன். முன்னாடி ஒரு சைட்ல கான்கிரீட் கட்டத்துக்கு அப்புறம் சார்ட்ட வெறுமனே விட்டுட்டு, ரெண்டு வாரம் தள்ளி பூச்சு வேலைன்னு பட்டை போட்டிருந்தேன். மேஸ்திரி அதப் பாத்துட்டு "சார், நடுவுல சும்மாதானே கிடக்கு, பூச்சு ஆளுங்கள முன்னாடியே வரச் சொல்லிட்டேன்"னார். ஆளுங்க வந்து நின்னாங்க, கீழ ரூம் பூரா முட்டு, சுவத்துப் பக்கம் போகவே இடமில்ல, முட்டு பிரிச்சிடலாமான்னு ஏழாம் நாளே கேட்டாங்க. தப்பு என் மேலதான், கான்கிரீட் இறுகுற நாள் யாரும் வேலை செய்யாத நாளா இருந்தாலும் அதுவும் ஒரு பட்டைதான். இப்பல்லாம் அத கோடு கோடா, வேற கலர்ல போடுறேன். D-ல W போட்டு, இந்த ரூல மேல வச்சிடுங்க:

```
=AND(E$1>=$B2,E$1<=$C2,$D2="W")
```

முட்டு எத்தனை நாள்னா, ஐஎஸ் 456 படி 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாப் ஸ்பேனுக்கு 7 நாள், அதுக்கு மேலன்னா 14, பீம் 6 மீட்டர் வரைக்கும் 14. இது ஓபிசி சிமென்ட் கணக்கு, பிபிசி சிமென்ட்டுன்னா இன்ஜினியர்கிட்ட கேட்டு கூட்டிக்கோங்க. நம்மளோடது பெரிய ஹால், ஓபிசி, அதனால அக்டோபர் 17 முதல் 30 வரைக்கும் முட்டு நிக்கும், 31 பிரிக்கிறது, நவம்பர் 1 பூச்சு.

அடுத்தது ரிஸ்க் ரெஜிஸ்டர். "மழை", "ஆள் இல்ல"ன்னு ஒத்தை வார்த்தைல எழுதாதீங்க, படிச்சா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. என்ன காரணம், என்ன நடக்கும், சார்ட்ல எந்தப் பட்டை தள்ளும், யாரு, எந்தத் தேதிக்குள்ள, இவ்வளவுதான். அஞ்சுக்கு அஞ்சு மார்க் போடுற டேபிள் சைட்ல வேண்டாம், "இது நடந்தா கான்கிரீட் தேதி தள்ளுமா"ன்னு மட்டும் கேளுங்க, டக்குனு பதில் சொல்வாங்க.

ஒரு வரிய எடுத்துப் பாக்கலாம். கம்பி வர்றது லேட் ஆகி கம்பி கட்டு ரெண்டு நாள் தள்ளுதுன்னு வைங்க, அது 16ல முடியும், 17 செக்கிங், 18 சனிக்கிழமை கான்கிரீட். அக்டோபர் 20 தீபாவளி, ஆளுங்க ஊருக்குக் கிளம்பிடுவாங்க, புது ஸ்லாப்ல பாத்தி கட்டி தண்ணி நிறுத்த ஆள் இருக்காது. ரெண்டு வேலை நாள் தாமதம் ஸ்லாப்போட மொத நாட்கள்ல கைய வைக்குதுன்றது ரெஜிஸ்டர்ல மட்டும் பாத்தா தெரியாது, சார்ட்டையும் பக்கத்துல வச்சாதான் தெரியும். அதனால எழுத வேண்டிய வரி: "கம்பி லேட்டானா கான்கிரீட் 18க்குப் போகும், தீபாவளிக்கு தண்ணி காட்ட ஆள் இருக்காது. கம்பி 8ஆம் தேதிக்குள்ள சைட்ல இறங்கணும், ஸ்டோர் கீப்பர் பொறுப்பு. இறங்கலைன்னா உள்ளூர் ஆள் ஒருத்தர 18லேருந்து தண்ணிக்கு மேஸ்திரி பேசி வைக்கணும்." அந்த 8ஆம் தேதி கட்டத்துல சிவப்பு புள்ளி வச்சிடுங்க, டெய்லி காலைல டீ நேரத்துல சார்ட் முன்னாடி நிக்கும்போது கண்ணுல படும்.

கம்பி நெஜமாவே லேட் ஆயிடுச்சுன்னா அது ரிஸ்க் இல்ல, நடந்த பிரச்சினை, அந்த வரிய அடிச்சுட்டு பட்டைய நகர்த்துங்க. பூச்சு நவம்பர் 4க்குப் போயிடும்.

அப்டேட்: ஒருத்தர் C-ல எல்லா வரிக்கும் ஞாயிற விட்டு எண்ணுற ஒரே ஃபார்முலா போட்டு முட்டு பட்டை நவம்பர் 1 வரைக்கும் போகுதுன்னு கேட்டிருந்தாங்க. ஞாயிறு ரெண்டையும் எக்செல் தாண்டிடுச்சு. கான்கிரீட்டுக்கு ஞாயிறு லீவு கிடையாது, வேலைக்கு ஒண்ணு, காத்திருக்கிறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடுங்க (கீழ மொதல் வரி ஆறு நாள் சென்ட்ரிங், ரெண்டாவது 14 நாள் முட்டு):

```
=WORKDAY.INTL(B2,5,11)
=B7+13
```