டிவிடெண்ட் கணக்கை ஸ்கிரிப்ட் எழுதும்போது எங்கே தப்பு நடக்கிறது

டிவிடெண்ட் வரவைத் தானாகப் பதிய ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் சமீப காலமாக என்னிடம் ஷீட்டைக் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே தப்புகள்தான். தேதி ஃபார்மட், கமா பிரச்சினையெல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மொத்தக் கணக்கும் சரியாக இருப்பது போலத் தெரிந்து, வரி தாக்கல் செய்யும்போது மட்டும் வெளியே வருகிற தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

## இன்றைய ஹோல்டிங்கை வைத்துப் பெருக்குவது

டிவிடெண்ட் யாருக்கு என்பதை எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய வர்த்தக நாள் முடிவில் கையில் இருந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. எக்ஸ்-டேட் அன்று காலையிலேயே விற்றுவிட்டாலும் பணம் உங்களுக்குத்தான். அன்று வாங்கினால் கிடையாது. புரோக்கரிடமிருந்து இன்றைய ஹோல்டிங்கை எடுத்து டிவிடெண்டால் பெருக்கினால் இரண்டு பக்கமும் தப்பும். டிரேடு புக்கிலிருந்துதான் எண்ண வேண்டும். வாங்கியது கூட்டலாகவும் விற்றது கழித்தலாகவும் இருந்தால் ஒரே வரி போதும்:

```python
qty = sum(t.qty for t in trades
          if t.isin == isin and t.date < ex_date)
```

`<=` போட்டால் போச்சு. போனஸ், ஸ்பிளிட் இரண்டையும் அவற்றின் எக்ஸ்-டேட்டிலேயே இதே பட்டியலில் வரிகளாகச் சேர்த்துவிடுங்கள். முகமதிப்பு ஸ்பிளிட் ஆனால் ஐஎஸ்ஐஎன் எண்ணே மாறிவிடும். பழையதையும் புதியதையும் இணைத்து வைக்காவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும்.

## பேங்கில் வந்த தொகையையே வருமானமாக எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வரவைப்பது இதுதான். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், அதனால் இன்னும் அதிகமாகவே எரிச்சல்.

2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வரி கட்ட வேண்டியது பங்குதாரர். கம்பெனி டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு, ஒரு கம்பெனியிடமிருந்து ஒரு நிதியாண்டில் வருவது 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 5,000. பான் செல்லாததாக இருந்தால் 20 சதவீதம்.

பேங்கில் வந்த தொகையைப் பார்த்து, "இது 90 சதவீதம்தானே, 0.9-ஆல் வகுத்தால் முழுத்தொகை வந்துவிடும்" என்று எழுதுகிறார்கள். அண்மையில் பார்த்த ஒரு ஷீட்டிலும் அதுவேதான். அது ஏன் உதவாது என்பதற்கு ஒரு கணக்கு. உங்களிடம் ஒரு கம்பெனியின் 400 ஷேர் இருக்கிறது. ஆகஸ்டில் ஷேருக்கு 10 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட். 4,000 வரம்புக்குள் இருப்பதால் முழுதாக வந்துவிடும். நவம்பரில் ஷேருக்கு 20, அதாவது 8,000. இப்போது ஆண்டுக்கூட்டல் 12,000 ஆகிவிட்டதால், முன்பு பிடிக்காததற்கும் சேர்த்துக் கம்பெனி 1,200 பிடிக்கலாம். பேங்கில் விழுவது 6,800. 0.9-ஆல் வகுத்தால் 7,555.56 வரும். 400-ஆல் வகுத்துப் பாருங்கள், ஷேருக்கு 18.89. அப்படி ஒரு டிவிடெண்டை யாரும் அறிவிக்கவே இல்லை. இந்த ஒரு சோதனையை ஸ்கிரிப்டில் வைத்தாலே தப்பு பிடிபட்டுவிடும்.

வருமானம் என்பது எண்ணிக்கை பெருக்கல் அறிவித்த டிவிடெண்ட். அதிலிருந்து பேங்கில் வந்ததைக் கழித்தால் டிடிஎஸ்.

```
2025-11-20 * Dividend
  Assets:Bank             6800.00 INR
  Assets:TDS-Receivable   1200.00 INR
  Income:Dividend        -8000.00 INR
```

அந்த 1,200 செலவு இல்லை, வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய உங்கள் பணம். 6,800-ஐ மட்டும் எழுதினால் ஆண்டு வருமானம் 10,800 என்று காட்டுவீர்கள். வருமான வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ல் 12,000 இருக்கும். வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு வருமான வரித் துறையிலிருந்து செய்தி வரலாம். டிடிஎஸ்-ஐக் கோர மறந்தால் 1,200-ம் போகும். ஏஐஎஸ்-ல் டிடிஎஸ் உடனே தெரியாது. அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்குக் கம்பெனி கணக்குத் தாக்கல் செய்யவே ஜனவரி கடைசிவரை நேரம் இருக்கிறது. அதனால் முதல் பதிவு உங்கள் கணக்கிலிருந்து வரட்டும், ஏஐஎஸ் சரிபார்க்க மட்டும்.

## எக்ஸ்-டேட்டிலேயே வரவு வைப்பது

எக்ஸ்-டேட்டில் எழுத வேண்டியது "வர வேண்டியது" என்ற பதிவு மட்டும். இறுதி டிவிடெண்டுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒப்புதல் தர வேண்டும், எக்ஸ்-டேட் அதற்கு முன்பே வந்துவிடுவதுண்டு. அறிவித்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். அது தாண்டியும் பேங்க் வரவோடு ஜோடி சேராத பதிவு இருந்தால் ஸ்கிரிப்ட் சிவப்பில் காட்டட்டும். பெரும்பாலும் டீமேட்டோடு இணைத்த பேங்க் கணக்கு பழையதாக இருக்கும். ஏழு வருடம் கேட்காமல் விட்டால் தொகை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும்.

## ஒரே எக்ஸ்-டேட், இரண்டு டிவிடெண்ட்

2025 ஜனவரியில் டிசிஎஸ் 10 ரூபாய் இடைக்காலமும் 66 ரூபாய் சிறப்பும் ஒரே ரெக்கார்டு டேட்டில் கொடுத்தது. ஐஎஸ்ஐஎன்-ஐயும் தேதியையும் மட்டும் சாவியாக வைத்தால், இரட்டைப் பதிவு என்று நினைத்து ஸ்கிரிப்ட் ஒன்றைத் தூக்கிவிடும். டிவிடெண்ட் வகையையும் சாவியில் சேருங்கள்.

## புரோக்கர் லெட்ஜரில் தேடுவது

அங்கே இருக்காது. பணம் நேராக பேங்குக்குப் போகிறது.