கையெழுத்துக்கும் முதல் கேள்விக்கும் மயங்காமல் 8 மதிப்பெண் வரலாற்று விடையைத் திருத்துவது எப்படி?

டெல்லித் தமிழ்ப் பள்ளிகளில் புதிதாக வரலாறு எடுக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறோம். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தாளில் 8 மதிப்பெண் கேள்விகள் மூன்று. 80-ல் 24 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது, ப்ரீ போர்டு திருத்தும்போது கை தடுமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தடுமாற்றம் இரண்டு வகை. ஒன்று ஹாலோ எஃபெக்ட்: ஒரு விஷயத்தில் வந்த நல்லெண்ணம், சம்பந்தமில்லாத மற்றவற்றுக்கும் படர்வது. இந்தப் பெயரை 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் பயன்படுத்தினார். ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளில் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு எல்லாம் அளவுக்கு மீறி ஒன்றோடொன்று ஒத்துப்போவதை அவர் கண்டார். விடைத்தாளில் இது முதல் கேள்வியிலிருந்து மூன்றாம் கேள்விக்கு ஒட்டிக்கொள்ளும். மலை மந்திரில் வாராவாரம் பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை என்றால் தாளைத் திறப்பதற்கு முன்பே ஒட்டியிருக்கும். இரண்டாவது கையெழுத்து. சிக்கலான எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிரமத்தில் நமக்கு வரும் எரிச்சலை, மாணவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

முதலில் விடைக்குறிப்பு

கட்டைப் பிரிக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் குறிப்பை எழுதிவிடுங்கள். “1857 கிளர்ச்சி அவத்தில் ஏன் மக்கள் எழுச்சியாக மாறியது?” என்ற கேள்விக்கு நான்கு கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் 2. கருத்தைச் சொன்னால் 1, சான்றோடு விளக்கினால் இன்னொரு 1.

நவாப்: 1856 இணைப்பு, வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, அரண்மனையை நம்பியிருந்தவர்கள் பிழைப்பை இழந்தது.
தாலுக்தார்கள்: ஆயுதம் பறிப்பு, கோட்டை இடிப்பு, 1856 சம்மரி செட்டில்மெண்டில் நிலம் போனது.
விவசாயிகள்: கூடுதல் வரி, தாலுக்தாரின் ஆதரவு இல்லாமல் போனது.
சிப்பாய்கள்: தோட்டா விவகாரம், அவத் கிராமங்களோடு இருந்த உறவு.

இந்த நான்கில் அடங்காத, ஆனால் பொருத்தமான கருத்துக்கு “வேறு ஏற்கத்தக்க கருத்து” என்று ஐந்தாவது வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் சொந்தமாக யோசித்து எழுதிய பிள்ளை அடிபட்டுவிடும்.

இரண்டு தாள்கள்

முதல் தாளில் முத்து முத்தான எழுத்து, ஸ்கேலால் அடிக்கோடிட்ட நான்கு தலைப்புகள். ஒருமுறை புரட்டினால் 6 போடத் தோன்றும். இப்போது குறிப்போடு ஒப்பிடுங்கள். நவாப் பற்றி முழுமையாக இருக்கிறது: 2. “பொருளாதாரக் காரணம்” என்ற இரண்டாம் தலைப்பின் கீழ் அரண்மனைக் கலைஞர்கள் வேலை இழந்ததையே மறுபடி எழுதியிருக்கிறது: 0. தாலுக்தார் நிலம் இழந்தார் என்பதோடு நிறுத்திவிட்டது: 1. சிப்பாய்க்குத் தோட்டா மட்டும், கிராம உறவு இல்லை: 1. மொத்தம் 4.

இரண்டாவது தாளில் எழுத்து சாய்ந்து, அடித்தல் திருத்தலோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய தாலுக்தார் என்ற சொல்லின் க்யூ எழுத்து ஜி போலத் தெரிகிறது. தலைப்பே இல்லை. முதல் பார்வையில் 4. ஆனால் தாலுக்தார் பத்தியில் கோட்டை இடிப்பும் செட்டில்மெண்டும் இருக்கின்றன: 2. விவசாயி பத்தி முழுமை: 2. நவாப் 1, சிப்பாய் 1. மொத்தம் 6.

திருத்தும்போது டிக்கை வரி ஓரத்திலேயே போடுங்கள். 6 போட்ட தாளின் ஓரத்தில் நான்கு டிக் மட்டும் இருந்தால், மீதி 2 எதற்குப் போனது என்று உங்களையே கேட்டுக்கொள்ளலாம். தலைப்புகளின் எண்ணிக்கையைக் கருத்துகளின் எண்ணிக்கை என்று எண்ணிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

திருத்தும் வரிசை

முகப்புப் பக்கத்தைப் பின்னால் மடித்துவிடுங்கள். எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வியை மட்டும் திருத்தி, மதிப்பெண்ணைத் தனிப் பட்டியலில் குறியுங்கள். தாளில் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் கட்டைக் கலைத்து அடுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். கலைக்காவிட்டால், மிக அழகான தாளுக்கு அடுத்து வருகிற சுமாரான தாள் ஒவ்வொரு கேள்வியிலும் அடிவாங்கும்.

சிக்கலான எழுத்தை முதல் தடவை பேனா இல்லாமல் படியுங்கள், எழுத்து பிடிபடுவதற்காக மட்டும். மதிப்பெண் இரண்டாம் வாசிப்பில்தான். ஒரு சொல் புரியாமல் வாக்கியம் புரிந்தால் மதிப்பெண் உண்டு. கருத்தே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது, உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் சக ஆசிரியரைப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் முடியாவிட்டால் அந்தக் கருத்துக்கு மட்டும் இல்லை. ஊகித்தும் போடக்கூடாது, மொத்தத்தில் தண்டனையாகக் குறைக்கவும் கூடாது.

பெயரை மறைத்தாலும் நம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து நமக்குத் தெரிந்துவிடும். அங்கே முகப்பை மடிப்பது உதவாது. இணைப் பிரிவு ஆசிரியரோடு கட்டை மாற்றிக்கொள்வதே வழி.

சரிபார்ப்பு

இரண்டு நாள் கழித்து அழகான எழுத்துத் தாள் ஐந்து, சிக்கலானது ஐந்து எடுத்து, பழைய மதிப்பெண்ணையும் டிக்குகளையும் பார்க்காமல் மறுபடி திருத்துங்கள். நகல் எடுத்து வைத்திருந்தால் எளிது. ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் இரு பக்கமும் கலந்து வந்தால் சாதாரணம். அழகானவை எல்லாம் இறங்கி, சிக்கலானவை எல்லாம் ஏறினால், அந்தக் கேள்விக்கு முழுக் கட்டையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.