எலிக்காய்ச்சல் பரிசோதனை: முதலில் நாளை எண்ணுங்கள்

லேபில் புதிதாகச் சேர்பவர்கள் எலிக்காய்ச்சல் என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டெஸ்ட் போடணும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: காய்ச்சல் வந்து இன்று எத்தனையாவது நாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவியை வைத்துப் பார்த்தாலும் பாதி நேரம் தவறான பதில்தான் வரும். டெல்டா பக்கம் ஒரு லேபில் நான் வேலை பார்த்தபோது வந்த ஒரு நோயாளியின் மாதிரியை வைத்தே இதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

லெப்டோஸ்பைரா என்பது சுருள் வடிவப் பாக்டீரியா. எலியின் சிறுநீரகக் குழாய்களில் தங்கிக் கிடக்கும். எலிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் மாதக்கணக்கில் அது சிறுநீரோடு கிருமியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வயல் எலி, பெருச்சாளி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாடு, பன்றி, நாய் எல்லாவற்றின் சிறுநீரிலும் வரலாம். ஈர மண்ணிலும், தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்தால் செத்துவிடும், குளோரினுக்கும் தாங்காது. உடம்புக்குள் நுழைய அதற்குச் சின்ன சிராய்ப்பு போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். ஜப்பானில் 1915-ல் இனாடாவும் இடோவும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்குப் பின்னால் இருந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். ஈரத்தில் நின்று வேலை, எலி நடமாட்டம், காலில் காயம். நம்ம ஊர் வயலிலும் இதே மூன்றும்தான்.

எங்களிடம் வந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய விவசாயக் கூலி. சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடக்கும் சமயம். குதிகாலில் பித்தவெடிப்பு, வெடிப்பின் ஓரத்தில் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. கெண்டைக்காலை லேசாகத் தொட்டாலே "ஐயோ" என்றார். சிவந்த கண்ணும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சல் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் எல்லாம் ஆரம்பத்தில் இதே முகத்தோடுதான் வரும். மஞ்சள் காமாலை வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. பெரும்பாலானவர்களுக்குக் காமாலை வருவதே இல்லை.

படி 2: நாளை எண்ணுங்கள்

"அண்ணே, காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டேன். "நேத்துதான் தம்பி," என்றார். கூட வந்த அவர் மனைவி குறுக்கிட்டார்: "இல்ல தம்பி, ஞாயித்துக்கிழமையே வயல்லேர்ந்து நடுங்கிக்கிட்டுதான் வந்தாரு. மாத்திரை போட்டுட்டு மறுபடி வேலைக்குப் போயிட்டாரு."

அன்று புதன்கிழமை. ஞாயிறு முதல் நாள் என்றால் புதன் நான்காம் நாள். விண்ணப்பப் படிவத்தில் நான் எழுதியது இந்த எண்ணைத்தான். கூட வந்தவர்களிடம் ஒருமுறை கேட்காமல் இந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள்.

இந்த எண் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். முதல் வாரம் முழுக்கக் கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளைச் செய்ய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அவை கூடக்கூட ரத்தத்தில் கிருமி குறைந்துவிடும். இரண்டாம் வாரத்தில் சிறுநீரில் தலைகாட்டும். ஆக, முதல் வாரத்தில் கிருமியைத் தேட வேண்டும், அதற்குப் பிறகு பிறபொருளெதிரியைத் தேட வேண்டும். நடுவில் ஒரு சில நாள் இரண்டும் கிடைக்கலாம், இரண்டுமே நழுவவும் செய்யலாம்.

படி 3: முதல் வருகையின் மாதிரிகள்

நான்காம் நாள் நோயாளிக்கு நாங்கள் எடுத்தது இரண்டு குழாய் ரத்தம்.

ஒன்று ஈ.டி.டி.ஏ. குழாயில், பி.சி.ஆருக்கு. இதற்கு ஹெப்பாரின் குழாய் வேண்டாம், ஹெப்பாரின் பி.சி.ஆர். வினையைக் கெடுத்துவிடும். நோய் உண்டாக்கும் வகைகளில் மட்டும் இருக்கும் லிப்-எல்-32 போன்ற ஒரு மரபணுவைத்தான் இந்தச் சோதனை தேடுகிறது. குளத்து நீரில் சும்மா வாழும், நோய் தராத லெப்டோஸ்பைராக்களும் உண்டு என்பதால் இந்தத் தேர்வு.

இன்னொன்று சாதாரணக் குழாயில், சீரத்துக்கு. சீரத்தைப் பிரித்து இரண்டு சிறு குப்பிகளில் போட்டு, ஒன்றை அன்றே பிறபொருளெதிரியைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசாவுக்கு வைத்தோம். மற்றதை மைனஸ் 20 டிகிரியில் பத்திரப்படுத்தினோம். புதியவர்கள் மறக்கும் இடம் இதுதான். அந்த இரண்டாவது குப்பி இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் சோதனைக்கே அர்த்தம் இருக்காது.

வளர்ப்புக்கும் அனுப்பலாம். இ.எம்.ஜே.ஹெச். ஊடகத்தில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம் போதும். கூடுதலாக ஊற்றினால் ரத்தத்தில் உள்ள பொருள்களே வளர்ச்சியைத் தடுத்துவிடும். 28 முதல் 30 டிகிரியில் வைத்து மூன்று மாதம் வரை பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் நோயாளி ஒன்று குணமாகியிருப்பார், இல்லை கைமீறியிருப்பார். எந்த வகைக் கிருமி ஊரில் சுற்றுகிறது என்று பின்னால் ஆராய இது உதவும், சிகிச்சைக்கு உதவாது.

அப்புறம், இருள்புல நுண்ணோக்கி. கிருமியின் தடிமன் 0.1 மைக்ரோமீட்டர்தான், சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்கே தெரியாது. இருள்புலத்தில் ரத்தச் சொட்டைப் பார்த்து "இதோ நெளிகிறது" என்று ரிப்போர்ட் எழுதும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஃபைப்ரின் இழைகளும், உடைந்த சிவப்பணுவின் துணுக்குகளும் அச்சு அசல் அதே மாதிரி ஆடும். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் ஒன்றாவது கண்ணில் படும். இதை மட்டும் நம்பி "பாசிட்டிவ்" என்றோ "நெகட்டிவ்" என்றோ எழுதாதீர்கள்.

படி 4: முதல் முடிவைப் படிப்பது

எங்கள் நோயாளிக்கு ஐ.ஜி.எம். எலைசா நெகட்டிவ். பி.சி.ஆர். பாசிட்டிவ்.

எலைசா கிட் சரியில்லை என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். கிட் சரியாகத்தான் இருந்தது. நான்காம் நாளில் பிறபொருளெதிரி இன்னும் உருவாகவில்லை, அவ்வளவுதான். பி.சி.ஆர். வசதி இல்லாத லேபாக இருந்திருந்தால் அந்த மனிதர் "எலிக்காய்ச்சல் இல்லை" என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் முதல் வாரத்து ஐ.ஜி.எம். நெகட்டிவ் வந்தால், அதன் கீழே "காய்ச்சலின் 4-ஆம் நாள் மாதிரி, நோயை விலக்காது, 10 முதல் 14 நாள் கழித்து மறுமாதிரி அனுப்பவும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இதற்கு எதிர்ப்புறத் தவறும் உண்டு. ஐ.ஜி.எம். மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும், வேறு சில காய்ச்சல்களிலும் பொய்யாக வரும். ஒரே ஒரு பாசிட்டிவ்வை வைத்துச் சத்தியம் செய்யக் கூடாது.

ரிசல்ட்டுக்காக மருத்துவர் காத்திருக்கவில்லை. சந்தேகப்பட்ட அன்றே ஊசி மருந்தை ஆரம்பித்துவிட்டார். அதுதான் முறை.

படி 5: எம்.ஏ.டி. போடுவது

பதினாறாம் நாள், திங்கட்கிழமை, அவர் திரும்ப வந்தார். இரண்டாவது சீரம் எடுத்து, உறைய வைத்திருந்த முதல் சீரத்தையும் வெளியே எடுத்தோம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பிளேட்டில், பக்கத்துப் பக்கத்து வரிசையில் போட வேண்டும். வேறு வேறு நாளில் போட்டால் கிருமி வளர்ப்பின் அடர்த்தி மாறியதால் வந்த வித்தியாசத்தை நோயின் வித்தியாசம் என்று நினைத்துவிடுவோம்.

எம்.ஏ.டி. என்பது நுண்ணோக்கித் திரட்டல் சோதனை. உயிருள்ள கிருமியோடு சீரத்தைக் கலந்தால், பிறபொருளெதிரி இருக்கும் பட்சத்தில் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சீரத்தை எவ்வளவு நீர்த்த பிறகும் இது நடக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. கிருமி உயிரோடு இருப்பதால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

10 மைக்ரோலிட்டர் சீரத்தை 490 மைக்ரோலிட்டர் பஃபரில் கலந்தால் 1:50. முதல் குழியில் இதை 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். அடுத்த ஐந்து குழிகளில் 50 மைக்ரோலிட்டர் பஃபர் மட்டும். முதல் குழியிலிருந்து 50 எடுத்து இரண்டாவதில் கலந்து, அதிலிருந்து 50 எடுத்து மூன்றாவதில் என்று ஆறாவது வரை போய், கடைசி 50-ஐக் கொட்டிவிடுங்கள். இப்போது ஒவ்வொரு குழியிலும் 50 இருக்கும். எல்லாவற்றிலும் 50 மைக்ரோலிட்டர் கிருமி வளர்ப்பைச் சேர்த்தால் நீர்த்தல் மறுபடி இரட்டிக்கும். முதல் குழி 1:100, பிறகு 200, 400, 800, 1600, 3200. ஏழாவது குழி கட்டுப்பாடு: பஃபரும் கிருமியும் மட்டும், சீரம் கிடையாது. 30 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இதே வரிசையை உங்கள் பகுதியில் உள்ள ஒவ்வொரு வகைக் கிருமிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பட்டியலில் இல்லாத வகை தொற்றியிருந்தால் சோதனை மௌனமாக இருந்துவிடலாம்.

படிக்கும்போது எல்லோரும் திரளைத் தேடுவார்கள். பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளையாகத் தெரியும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் எண்ண வேண்டியது திரளை அல்ல, தனியாக நீந்திக்கொண்டிருப்பவற்றை. கட்டுப்பாட்டுக் குழியோடு ஒப்பிட்டு, தனிக் கிருமிகள் பாதிக்குப் பாதி குறைந்திருக்கும் கடைசிக் குழிதான் டைட்டர். சில சமயம் திரளே இருக்காது, தனிக் கிருமியும் இருக்காது, குழி காலியாகத் தெரியும். புதியவர் அதை நெகட்டிவ் என்று எழுதிவிடுவார். கட்டுப்பாட்டில் கூட்டமாக நீந்தும்போது இங்கே மட்டும் காலி என்றால் அது பாசிட்டிவ். கட்டுப்பாட்டிலேயே கிருமிகள் தானாகத் திரண்டிருந்தால் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வளர்ப்பில் மீண்டும் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

படி 6: இரண்டு சீரத்தையும் ஒப்பிடுவது

அவருடைய முதல் சீரத்தில் எல்லா வகைகளிலும் 1:100-க்கே திரளவில்லை. இரண்டாவது சீரத்தில் ஆட்டம்னாலிஸ் வகையோடு 1:800 வரை பாதிக்கு மேல் குறைந்திருந்தது, 1:1600-ல் கட்டுப்பாடு போலவே நீந்தின. இக்டரோஹீமராஜியே வகையோடு 1:200. ஆக, டைட்டர் 800. நான்கு மடங்கு ஏற்றம் இருந்தாலே தொற்று உறுதி என்பது விதி. இங்கே நெகட்டிவ்விலிருந்து 800-க்குப் போயிருக்கிறது.

இரண்டாவது மாதிரி மட்டும் கிடைத்திருந்தால்? எலிக்காய்ச்சல் அடிக்கடி வரும் பகுதியில் வயல் வேலை செய்பவருக்குப் பழைய தொற்றின் மிச்சமாக 1:100 வருவது சகஜம். அதனால் ஒற்றை மாதிரியில் 1:400-க்குக் குறைந்ததை நாங்கள் தற்போதைய நோய் என்று எழுதுவதில்லை. ஒவ்வொரு லேபும் தன் பகுதி மக்களின் அடிப்படை அளவை வைத்து இந்த வரம்பை முடிவு செய்யும்.

ரிப்போர்ட்டைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர், "ஆட்டம்னாலிஸ்னா இது எலிகிட்டேர்ந்து வந்ததா, மாடுகிட்டேர்ந்து வந்ததா சார்?" என்று கேட்டார். எம்.ஏ.டி. அதைச் சொல்லாது. கிருமியின் உறவு வட்டத்தை மட்டும் காட்டும். ஆரம்ப நாட்களில் தொற்றிய வகையை விட்டு வேறு வகையோடு அதிக டைட்டர் காட்டி ஏமாற்றவும் செய்யும். எந்த விலங்கு என்று தெரிய வேண்டுமானால் நோயாளியிடமிருந்தும், அவர் இறங்கிய வயலின் எலிகளிடமிருந்தும், வீட்டு மாட்டிடமிருந்தும் கிருமியை வளர்த்தெடுத்து ஒப்பிட வேண்டும். அந்தப் புதன்கிழமை நான் வளர்ப்புக்குச் சொட்டு வைக்கவில்லை. அதனால் அந்தக் கட்டம் எங்கள் பதிவேட்டில் காலியாகவே இருக்கிறது.